தழும்புக்குத் துணியா, க்ரீமா, டேப்பா? மச்சத்துக்குக் கணக்கு வேறு

பூப்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மேலே சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைக்காட்டு ஆட்களும், கீழே போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி வரும் ஏலக்காட்டு ஆட்களும் வந்துபோகிற கடை. மாசி பிறந்து வெயில் ஏறியதும் ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வரும்: "அண்ணே, தழும்பு கருக்காம இருக்க எதை வாங்குறது?" கேட்டுவிட்டு, விலையைப் பார்த்ததும் பாதிப்பேர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: "நம்ம கருப்புத் தோலுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே? தோல்ல கேன்சர் வர்றது வெள்ளைக்காரனுக்குத்தானே."

இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம். தழும்பு கருப்பது ஒரு கணக்கு, கேன்சர் வேறு கணக்கு. முதலாவதற்குக் கடையில் பொருள் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, கடைக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சூரியநெல்லியில் கொழுந்து பறிக்கிற அக்கா, வயது முப்பத்து நாலு. வலது கன்னத்தில் இருந்த மச்சம் ஒரு வருடத்தில் பெரிதானதால் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துத் தையல் போட்டார்கள். தையல் பிரித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு கோடு. திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். என்ன வாங்குவது?

## முதலில் எதைப் பார்த்து முடிவு செய்வது

வெயிலில் மூன்று வகை ஒளி தோலைத் தொடுகிறது. புற ஊதாக் கதிரில் "பி" வகை தோலைச் சுடும். க்ரீம் ட்யூபில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக இதைத்தான் சொல்கிறது. "ஏ" வகை ஆழமாகப் போகும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். அதற்கான அளவுதான் பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகளாக வருவது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சம். வெள்ளைத் தோலில் இது பெரிதாக நிறம் ஏற்றுவதில்லை. நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும், முக்கியமாக அதிலுள்ள நீல-ஊதாப் பகுதி, தோலைக் கருக்க வைக்கிறது. அந்தக் கருப்பு வாரக்கணக்கில் நிற்கிறது. புதுத் தழும்பில் நிறமி செய்யும் செல்கள் ஏற்கெனவே கிளறிவிடப்பட்டிருக்கும். அதன்மேல் இந்த ஒளியும் விழுந்தால் கோடு பட்டையாகக் கருத்து, ஒரு வருடமானாலும் போகாது. ஆக, நம் தோலுக்கு முதல் அளவுகோல் இதுதான்: இந்தப் பொருள் வெளிச்சத்தையும் சேர்த்து மறைக்கிறதா?

இரண்டாவது, வேலை. பனி, வியர்வை, மதியம் முகம் கழுவுதல் இவற்றைத் தாண்டி அது தோலில் நிற்குமா? நம் மலையில் குளிராக இருப்பதால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடும். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை விட்டுவிடும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தினமும் புற ஊதாக் குறியீட்டை வெளியிடுகிறது. எட்டு முதல் பத்து வரை ஆரஞ்சு, பதினொன்றுக்கு மேல் சிவப்பு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் ஆரஞ்சு எச்சரிக்கை இருக்கலாம்.

மூன்றாவது, காயத்தின் வயது. பொருக்கு உதிராத, ஈரம் கசிகிற புண்ணில் எந்தச் சன்ஸ்கிரீனும் சிலிக்கானும் போடக் கூடாது. தோல் முழுவதும் மூடிய பிறகுதான் இந்தப் பேச்சே. நான்காவது காசு. அதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தப்பாக நினைப்பது அங்கேதான்.

## துணி, தொப்பி, குடை

கை, கழுத்து, தோள், கால் தழும்புக்கு இதற்கு மேல் ஒன்றுமில்லை. நம் பெண்கள் சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்களே, அது நல்ல பாதுகாப்பு. எந்தத் துணி என்பதுதான் முக்கியம். துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே வரும். நைந்த வெள்ளைப் பருத்தி மிக மோசம். நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நல்லது.

முகத்துக்கு வரும்போது துணி தடுமாறும். தலைத்துண்டு நெற்றியை மூடும், கன்னத்தை விட்டுவிடும். வாய்வரை இழுத்துக் கட்டினால் புதுத் தழும்பில் நாள் முழுக்க உரசும். உரசல் தானாகவே நம் தோலைக் கருக்க வைக்கும். இது மறைமுகச் செலவு, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுற்றிலும் நான்கு விரல்கடை விளிம்புள்ள தொப்பி கன்னத்துக்கு உதவும். ஆனால் கீழே செடியிலிருந்தும் பாறையிலிருந்தும் திரும்பி வரும் ஒளியைத் தொப்பி தடுக்காது. முகத்துக்குத் துணி பாதி வேலைதான் செய்யும்.

## நிறமில்லாத சன்ஸ்கிரீன்

கடையில் அதிகம் விற்பது இதுதான். முகத்தில் தெரியாது, வெள்ளை பூசியது போல இருக்காது, அதனால் தினமும் போடுவார்கள். அந்த அளவுக்கு நல்லது. எஸ்.பி.எஃப். 30 உள்ளது சுடுகதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தையும், 50 உள்ளது 98 சதவீதத்தையும் தடுக்கும். ஐம்பதுக்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டாம். இவ்வளவும் தேவையான அளவு தடவினால்தான்.

இதன் குறை, மேலே சொன்ன முதல் அளவுகோலில் தோற்றுப்போவது. தோலில் கண்ணுக்குத் தெரியாத பொருள், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுக்க முடியாது. "தினமும் ஐம்பது போட்டேன், ஆனாலும் தழும்பு கருத்துப்போச்சே" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம். க்ரீம் போலி என்று சண்டைக்கு வருகிறார்கள். போலி இல்லை. அது தடுக்கிற ஒளி வேறு, அவர்களைக் கருக்க வைத்த ஒளி வேறு.

## நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன்

பழுப்பாக, பவுண்டேஷன் போல இருக்கும். அதில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. அந்த இரும்பு ஆக்சைடுதான் நீல-ஊதா வெளிச்சத்தையும் பிடிக்கிறது. பெட்டியின் பின்பக்கம் உட்பொருள் பட்டியலில் 77491, 77492, 77499 என்ற எண்களைத் தேடுங்கள். மூன்றும் இருந்தால் சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முகத்துத் தழும்புக்கும் மங்குக்கும் நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, நிறம் பொருந்தாது. இங்கே வருகிற பல க்ரீம்கள் வெளிறிய நிறத்துக்கே செய்யப்பட்டவை. மாநிறத்துக்கு மேல் போனால் முகத்தில் சாம்பல் பூத்தது போல நிற்கும். வாங்குமுன் தாடை ஓரத்தில் ஒரு பொட்டுத் தடவி, கடைக்கு வெளியே வந்து வெயிலில் பாருங்கள். ட்யூப் லைட்டில் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். இரண்டு, விலை. ஐம்பது கிராம் ட்யூப் ஐந்நூறிலிருந்து தொள்ளாயிரம் ரூபாய் வரை.

அந்த விலையைக் கணக்குப் போடுவோம். சோதனைச்சாலையில் எஸ்.பி.எஃப். அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் தடவுகிறார்கள். அக்காவின் தழும்பையும் சுற்றிக் கொஞ்சத்தையும் சேர்த்து ஐந்துக்கு மூன்று, பதினைந்து சதுர சென்டிமீட்டர் என்று வைப்போம். முப்பது மில்லிகிராம் வேண்டும். ஒரு அரிசியைவிடச் சற்றுப் பெரிய துளி, அவ்வளவுதான். ஒரு நாளில் மூன்று தடவை போட்டாலும் மாதம் மூன்று கிராமைத் தாண்டாது. ட்யூப் தீர்வதற்குள் அதன் காலம் முடிந்துவிடும். முகம், கழுத்து முழுக்கப் போட்டால் ஒரு தடவைக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிய வேண்டும், ஏறக்குறைய ஒரு கிராம். மூன்று தடவை என்றால் ட்யூப் பதினேழு நாளில் காலி. தினக்கூலி வாங்குகிறவருக்கு இது நடக்கிற காரியமில்லை. அதனால் பலர் ஒரு பட்டாணி அளவை முகம் முழுக்கத் தேய்க்கிறார்கள்; எல்லா இடத்திலும் கொஞ்சம், எங்கேயும் போதாது. அதைவிட, தழும்பில் மட்டும் ஒழுங்கான கனத்துக்குப் போட்டு, விளிம்பை விரலால் தட்டிக் கரைத்துவிட்டு, மீதி முகத்தைத் தொப்பியிடம் விடுவது நல்லது.

இந்த இடத்தில் ஒரு பேச்சு வரும்: லாக்டோ கலமைன் போட்டால் போதாதா? கலமைனில் துத்தநாக ஆக்சைடும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடும் உண்டுதான். ஆனால் அது அரிப்புக்குச் செய்த மருந்து. சாதாரண கலமைனை வெயில் தடுப்பாக அளந்து சோதித்து விற்பதில்லை. சந்தனமும் மஞ்சளும் இந்த வேலைக்கு ஆகாது.

சிவப்பாக்கும் க்ரீமை மட்டும் தொடாதீர்கள். சீட்டில்லாமல் கேட்கப்படும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் தழும்பு வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும், நிறுத்தினால் முன்னைவிடக் கருக்கும். பெயர் தெரியாத டப்பாக்களில் பாதரசம். மலப்புறம் மாவட்டத்தில் 2023-ல் அப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகமே கெட்டது வெளியே வந்தது.

## பேப்பர் டேப்பும் சிலிக்கானும்

இவை இரண்டும் தழும்பு மேடு தட்டாமல் இருப்பதற்கான பொருள்கள். நம் தோலில் நெஞ்சு, தோள், காதுமடல் தழும்புகள் புடைத்துக் கீலாய்டு ஆவது அதிகம். அந்த இடங்களுக்கு இதை முதலில் யோசிக்க வேண்டும். சிலிக்கான் ஜெல் தினம் இரண்டு வேளை, மெல்லிசாக. சிலிக்கான் ஷீட் என்றால் தினம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சாதாரண சிலிக்கான் ஜெல் கண்ணாடி மாதிரி, வெயிலைத் தடுக்காது. ஜெல் காய்ந்த பிறகு மேலே சன்ஸ்கிரீன் போட வேண்டும்.

தோல் நிறத்தில், பழுப்பாக வருகிற பேப்பர் டேப் மலிவு. தழும்பை இழுபடாமல் பிடிக்கும், ஒளியையும் ஓரளவு மறைக்கும், வியர்வையில் க்ரீம் போல வழியாது. ஓரம் எழும்பும்வரை விட்டுவிட்டு, குளிக்கும்போது நனைத்து மெதுவாக உரிக்க வேண்டும். சடக்கென்று பிய்த்தால் அந்த எரிச்சலே கருப்பாக மாறும். அடியில் அரித்துத் தடித்தால் நிறுத்திவிடுங்கள்.

| | வெளிச்சத்தை மறைக்குமா | வியர்வையில் நிற்குமா | செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| அடர்ந்த துணி, தொப்பி | நன்றாக, மூடிய இடத்தில் | நிற்கும் | ஒரு தடவை | கை, கால், தோள் தழும்பு |
| நிறமில்லாத க்ரீம் | இல்லை | இரண்டு மணிக்கொரு தடவை | நடுத்தரம் | சுடாமல் இருக்க. தழும்புக்குப் போதாது |
| நிறம் சேர்த்த க்ரீம் | ஆம் | இரண்டு மணிக்கொரு தடவை | முகம் முழுக்க என்றால் அதிகம் | முகத்துத் தழும்பு |
| பழுப்பு பேப்பர் டேப் | ஓரளவு | நிற்கும் | குறைவு | புதுக் கோட்டுத் தழும்பு, வெளிவேலை |
| சிலிக்கான் | இல்லை | ஷீட் கழன்றுவிடும் | அதிகம் | மேடு தட்டும் தழும்பு |

சூரியநெல்லி அக்காவுக்கு நான் சொன்னது: முதல் மூன்று மாதம் வேலை நாளில் பழுப்பு டேப்பும் தொப்பியும். காட்டில் கொழுந்துக் கறை படிந்த கையோடு இரண்டு மணிக்கொரு தடவை க்ரீம் போட முடியாது, அது காகிதத்தில் மட்டும் நடக்கிற யோசனை. ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாண வீட்டுக்கும் நிறம் சேர்த்த க்ரீம். மூன்று மாதத்துக்குப் பிறகு காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டில் கை கழுவியதும் ஒன்று என க்ரீமுக்கு மாறலாம். ஒரு வருடம்வரை விடக் கூடாது. அவரே ஏலக்காட்டு வேலையில், மரநிழலுக்கு அடியில் இருந்திருந்தால் காலை ஒருவேளை க்ரீமே போதும் என்றிருப்பேன்.

பிறகு ஒன்று கேட்டேன். "அக்கா, வெட்டி எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா?" அவருக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். அனுப்பியிருந்தார்கள்; சாதாரண மச்சம் என்றே ரிப்போர்ட் வந்திருந்தது.

## மச்சத்துக்கு எந்தக் க்ரீம்?

மச்சத்துக்கென்று தனிக் க்ரீம் தேவையில்லை. சுற்றியுள்ள தோலுக்கு என்னவோ அதுவே அதற்கும். நம் தோலில் உள்ள நிறமி நிஜமாகவே பாதுகாப்புத் தருகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கருத்த தோலை வைத்து 1979-ல் வெளியான ஓர் ஆய்வில் அதன் இயற்கைப் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். 13 அளவுக்கு வந்தது; வெள்ளைத் தோலுக்கு மூன்று சொச்சம். நம் மாநிறம் இடையில் எங்கோ நிற்கும். வெயிலால் வரும் தோல் கேன்சர் நமக்கு மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். சன்ஸ்கிரீன் தோல் கேன்சரைக் குறைக்கிறது என்று காட்டிய பேர்பெற்ற ஆய்வும் ஆஸ்திரேலியாவில் வெள்ளைத் தோல் மக்களிடம் நடந்தது. கேன்சருக்குப் பயந்து நம்மவர்கள் முகம் முழுக்கக் க்ரீம் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் "குறைவு" என்பது நம் வாயில் "வராது" என்று ஆகிவிட்டது. அங்கேதான் ஆபத்து. நமக்கு வருகிற தோல் கேன்சரில் ஒரு பகுதி வெயில் படாத இடத்தில் அல்லது வெயிலோடு தொடர்பில்லாமல் வருகிறது. நிறமி செய்யும் செல்லில் தொடங்குகிற மெலனோமா என்ற கேன்சர் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும். பாடகர் பாப் மார்லி 1981-ல் முப்பத்தாறு வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் தொடங்கிய மெலனோமாவால். முதலில் பந்து விளையாடியதில் பட்ட அடி என்றே நினைத்தார்கள். அடுப்பிலோ ஸ்டவ்விலோ வெந்த பழைய தீக்காயத் தழும்பில், இருபது முப்பது வருடம் கழித்துக் கேன்சர் வரலாம். பாவாடை நாடாவையும் வேட்டியையும் ஒரே இடத்தில் வருடக்கணக்காக இறுக்கிக் கட்டிப் புண்ணான இடுப்பில் வந்தவர்களும் இந்தியாவில் உண்டு. இவை எதற்கும் நான் மேலே ஒப்பிட்ட ஐந்து பொருளில் ஒன்றும் உதவாது.

இங்கே ஒப்பிட வேண்டியது வேறு மூன்று: விட்டுவிடுவது, ஏதாவது வைத்துப் போக்குவது, டாக்டரிடம் காட்டுவது.

விட்டுவிடலாம், மச்சம் பல வருடமாக மாறாமல், மற்ற மச்சங்களைப் போலவே இருந்தால். பல விரல் நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு இருப்பதும் நம் தோலில் சகஜம்.

சுண்ணாம்பும் சோடாவும் வைப்பது, முடி கட்டி அறுப்பது, பார்லரில் சுட்டு எடுப்பது, இவற்றுக்கு இருநூறு முந்நூறு ரூபாய்தான். தழும்பு விழும் என்பது ஒரு பக்கம். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகாது, அது என்ன என்று யாருக்கும் தெரியாமலே போகும் என்பதுதான் பெரிய நஷ்டம். கொல்லாமல் விட்ட வேர் தழும்புக்கு அடியில் வளர்ந்தால் வெளியே தெரிய நாளாகும்.

காட்டியே தீர வேண்டியவை: மற்றவற்றைப் போல இல்லாத ஒற்றை மச்சம், ஓரம் கோணி, நிறம் கலந்து, பென்சில் அடிக்கட்டையைவிடப் பெரிதாவது, ஒரே நகத்தில் மட்டும் கோடு வந்து அகலமாவது, கருப்பு நகத்தைத் தாண்டித் தோலிலும் படர்வது, வயதானவர் மூக்கிலோ இமையோரத்திலோ பளபளப்பான கருமுத்து போல வந்து அடிக்கடி ரத்தம் கசிவது, பழைய தீக்காயத் தழும்பில் ஒரு மாதம் தாண்டியும் ஆறாத புண். தேனி பக்கம் என்றால் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. செலவு என்பது முக்கியமாக ஒருநாள் கூலியும் பஸ் காசும். "கத்தி வச்சா பரவிடும்ணே" என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். டாக்டர் டெஸ்டுக்கு முறையாகச் சதை எடுக்கும் பயாப்சியால் அது பரவுவதில்லை. பரவுவதற்கு நேரம் கொடுப்பது காத்திருப்புதான்.

இதை நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் ஒரு பெரியவர். எஸ்டேட்டில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிகாலில் கால் ஆணி என்று சொல்லி என் கடையிலேயே இரண்டு தடவை கார்ன் பிளாஸ்டர் வாங்கிப்போனார். காலைக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது தடவை நொண்டிக்கொண்டு வந்தபோதுதான் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். வெந்து வெளுத்த தோலுக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாகக் கருப்பு, ஒரு ஓரம் மைசிந்தியது போல இழுபட்டு, நடுவில் ஈரம். கால் ஆணியில் தோலின் ரேகை மறைந்து நடுவில் வெளிறிய குருத்து தெரியும். இப்படி மை படராது. கானாவிலக்குக்கு அனுப்பினேன். மெலனோமா. குதிகாலில் ஒரு பகுதியையும் தொடையிடுக்கில் நிணநீர்க் கழலைகளையும் எடுத்தார்கள். எட்டு மாதம் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்.

இப்போது கால் ஆணி பிளாஸ்டர் கேட்டு யார் வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். டார்ச் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.